மூடியைத் திறந்தால் மணக்கிறது, ஏற்றினால் ஒன்றுமில்லை: சோயா மெழுகுவர்த்தியை விற்பதற்கு முன் எத்தனை நாள் வைப்பது?

தீபா_கோவை

வணக்கம். வீட்டிலேயே சின்ன அளவில் சோயா மெழுகுவர்த்தி செய்கிறேன். 200 கிராம் கண்ணாடி ஜாடி, உள் விட்டம் 7 செ.மீ. மெழுகு, பையில் 464 என்று போட்டிருக்கும் சோயா. 185 கிராம் மெழுகுக்கு 15 கிராம் வாசனை எண்ணெய், அதாவது 8 சதவீதம். 85 டிகிரியில் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் கலக்கி, 57 வாக்கில் ஊற்றுகிறேன். இப்போதைக்கு லாவெண்டர், மல்லி என்று இரண்டே வாசனை.

மூடியைத் திறந்தால் இரண்டுமே கமகமவென்று இருக்கிறது. மூன்றாம் நாள் ஏற்றிப் பார்த்தால் ஜாடி மேல் குனிந்து முகர்ந்தால்தான் ஏதோ தெரிகிறது. கோல்ட் த்ரோ இருக்கிறது, ஹாட் த்ரோ இல்லை. பதினாலு நாள் க்யூரிங் ஆகட்டும் என்கிறார்கள் சிலர். எண்ணெயை 12 சதவீதமாக ஏற்று என்கிறார் ஒருவர். அடுத்த மாதக் கடைசியில் எங்கள் அப்பார்ட்மெண்டில் கண்காட்சி, மேசை பிடித்துவிட்டேன். வைத்துப் பார்ப்பதா, எண்ணெயைக் கூட்டுவதா?

பாண்டி_மெழுகு

ஊற்றி ஆறினால் அடுத்த நாளே கடைக்குக் கொடுக்கலாம், அதிகம் போனால் இரண்டு மூன்று நாள். நான் பல வருஷமாகக் கோயில், சர்ச், கிஃப்ட் கடை எல்லாவற்றுக்கும் அச்சில் ஊற்றித் தருகிறேன். யாரும் வாசனை இல்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. பதினாலு நாள் சரக்கை அலமாரியில் பூட்டி வைத்தால் முதலுக்கு யார் வட்டி கட்டுவது?

மாலா_மூலிகைசோப்

தீபா, அவசரப்படாதீர்கள். க்யூரிங் என்றால் குறைந்தது நாலு முதல் ஆறு வாரம். ஜாடியை மூடாமல், காற்றோட்டமான ரேக்கில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். என்னுடைய சோப்பெல்லாம் அப்படித்தான். எடை குறைவது நின்றதும் பேக் செய்வேன்.

திரிக்காரி

மாலா அக்கா, சோப்புக்கு நீங்கள் சொல்வது சரி. அதில் தண்ணீர் இருக்கிறது, அது வெளியேறத்தான் ரேக்கும் காற்றும். மெழுகுவர்த்தியில் தண்ணீரே கிடையாது. திறந்து வைத்து எடை குறைந்தால், போனது வாசனைதான்.

பாண்டி அண்ணன் சொல்வதும் அவர் சரக்குக்குப் பொருந்தும். அவருடையது பாரஃபின், சீக்கிரம் இறுகி நிலைக்கு வந்துவிடும். சோயா என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய், ஒரு கொழுப்பு. வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே படிகங்கள் அடுக்கு மாறி இறுகுவது நாள் கணக்கில் நடக்கும். அதனால் இரண்டாம் நாள் எரிகிற விதம் வேறு, பதினாலாம் நாள் எரிகிற விதம் வேறு.

ஆனால் தீபா, க்யூரிங் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஏற்றி இரண்டு மணி நேரத்தில் உருகிய மெழுகு எவ்வளவு அகலம் பரவியது? சுவரைத் தொட்டதா? சமையலறைத் தராசில் ஏற்றும் முன்னும் அணைத்து ஆறிய பின்னும் நிறுத்தால் எத்தனை கிராம் குறைகிறது? மல்லி எண்ணெய் எந்த மாதிரிக் கடையில் வாங்கியது? கடை பெயர் வேண்டாம்.

அரோமா_அருண்

குற்றவாளி அந்த 85 டிகிரிதான் என்பது என் கருத்து. லாவெண்டரின் ஃப்ளாஷ் பாயிண்ட் அதைவிடக் கீழே. அந்தச் சூட்டில் விட்டால் பாதி வாசனை அடுப்பங்கரையிலேயே ஆவியாகிவிடும். 60-இல் விட்டுக் கலக்குங்கள்.

இன்னொன்று. ஊற்றும் நாளெல்லாம் அதே வாசனையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மூக்கு மரத்துப் போயிருக்கும். உங்கள் மூக்கை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

திரிக்காரி

இரண்டாவது பாயிண்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் அருண், அதற்கு வருகிறேன். முதலாவதில் உடன்பாடில்லை. ஃப்ளாஷ் பாயிண்ட் என்பது, மேலே எழும் ஆவி அருகில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும் சூடு. வாசனை பறந்து போகும் கோடு அது இல்லை. எண்ணெயைப் பத்திரப்படுத்தவும் கூரியரில் அனுப்பவும் அந்த எண் முக்கியம், கேஸ் அடுப்பு எரியும்போது பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கக் கூடாது என்பதும் அதனால்தான். ஆனால் 85-இல் விட்டு, இரண்டு நிமிடம் கலக்கி, அடுப்பை அணைத்துவிட்டால் போகிற வாசனை கொஞ்சம்தான். இருபது நிமிடம் கொதிபாத்திரத்திலேயே வைத்திருந்தால்தான் நஷ்டம். 60-இல் விட்டால் நிலைமை மோசமாகலாம். அந்தச் சூட்டில் சோயா இறுகத் தொடங்கும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எண்ணெய் சரியாகக் கரையாமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

அரோமா_அருண்

சிட்ரஸ் எண்ணெய்களில் எனக்குக் கண்கூடாக வித்தியாசம் தெரிந்தது. அதனால் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். சரி, தீபா அளந்து சொல்லட்டும்.

தீபா_கோவை

நேற்று லாவெண்டரை ஏற்றி அளந்தேன். இரண்டு மணி நேரத்தில் உருகிய வட்டம் 4.5 செ.மீ.தான். மூன்று மணி நேரம் கழித்தும் ஓரம் வெள்ளையாகவே நிற்கிறது. மூன்று மணி நேரத்துக்கு 7 கிராம் குறைந்தது. சுடர் சின்னதாக, அசையாமல், பார்க்க அழகாகத்தான் இருந்தது!

லாவெண்டர் எண்ணெய் மெழுகுவர்த்திப் பொருள் விற்கும் இடத்தில் வாங்கியது. மல்லி, ஊதுபத்திக்கு எண்ணெய் விற்கும் கடையில். விலை பாதி, பாட்டிலில் முகர்ந்தால் அசல் குண்டுமல்லி.

திரிக்காரி

அழகான சின்னச் சுடர்தான் உங்கள் பிரச்சனை. ஏற்றியபின் வாசனை வருவது உருகிக் கிடக்கிற மெழுகின் பரப்பிலிருந்து, சுடரிலிருந்து இல்லை. 4.5 செ.மீ. வட்டம் என்றால் 7 செ.மீ. ஜாடியின் பரப்பில் பாதிகூட வேலை செய்யவில்லை. மணிக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல் எரிகிறது. இந்த அளவு ஜாடியில் சோயா மணிக்கு நாலு ஐந்து கிராம் குறைந்தால்தான் எனக்குத் திருப்தி. இது திரி மெலிசு. இதைப் பதினாலு நாள் இல்லை, ஒரு வருஷம் வைத்தாலும் ஹாட் த்ரோ வராது. எண்ணெயை 12-க்கு ஏற்றினால் இன்னும் மோசம். அந்த மெழுகு 10-க்கு மேல் தாங்காது, மிச்ச எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், திரியும் அடைத்துக்கொள்ளும்.

அதே வரிசையில் அடுத்த இரண்டு தடிமன் திரி வாங்குங்கள். விட்டத்தில் ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் ஜாடியில் மூன்று மணி நேரத்துக்குள் உருகல் சுவரைத் தொட வேண்டும், ஆழம் ஒரு செ.மீ. பக்கம் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே தொட்டுவிட்டால், சுடர் துள்ளினால், நுனியில் காளான் மாதிரி கரி கட்டினால், ஜாடியைக் கையில் பிடிக்க முடியாவிட்டால் திரி தடித்துவிட்டது என்று பொருள். அப்போது வாசனை முதல் அரை மணி நேரம் தூக்கலாக அடித்துவிட்டு இறங்கிவிடும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்னும் திரியை 6 மி.மீ.க்கு நறுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது.

திரியைத் தோராயமாகத் தேர்ந்தெடுக்க இரண்டாம் நாள் மெழுகு போதும். முடிவு செய்வது க்யூரிங் ஆனபின் இன்னொரு தடவை எரித்துப் பார்த்துத்தான். இறுகிய மெழுகு கொஞ்சம் சிரமப்பட்டு உருகும், இரண்டாம் நாள் சரியாக இருந்த திரி பதினாலாம் நாள் சற்றே மெலிசாகத் தெரியலாம்.

தீபா_கோவை

நன்றி அக்கா. திரி சரியானபின் நாள் கணக்கை எப்படிப் பார்ப்பது? ஒரே மெழுகுவர்த்தியை 3, 7, 14-ஆம் நாட்களில் ஏற்றி முகர்ந்தால் போதுமா?

திரிக்காரி

அதில் இரண்டு சிக்கல். ஒருமுறை ஏற்றினாலே மேல் அடுக்கு உருகி மறுபடி கெட்டியாகிறது. ஏழாம் நாள் நீங்கள் முகர்வது ஏழு நாள் மெழுகை இல்லை, நாலு நாள் முன் மறுபடி உறைந்ததை. அதனால் ஒவ்வொரு நாளுக்கும் தொடாத தனி ஜாடி வேண்டும். அடுத்து, போன வாரம் எவ்வளவு மணந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? அன்று மழையா வெயிலா, சளியா என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்வேன். ஊற்றும் நாளைத் தள்ளித் தள்ளி வைத்து, எரிக்கும் நாளை ஒன்றாக்கிவிடுவேன். மூன்று சனிக்கிழமை, அதே மெழுகுப் பை, அதே எண்ணெய்ப் பாட்டில், அதே திரி, அதே சூடு. மூன்றாவது சனிக்கிழமை ஊற்றிய மறுநாள் ஞாயிறு உங்கள் கையில் 1 நாள், 8 நாள், 15 நாள் ஜாடிகள் இருக்கும். அடியில் மட்டும் தேதி எழுதி ஒட்டுங்கள், மேலே எதுவும் வேண்டாம். இவற்றோடு எண்ணெயே விடாத ஒரு ஜாடியும் சேருங்கள். மணக்கும் என்று எதிர்பார்த்து வருகிற ஆள் வெறும் மெழுகிலும் லாவெண்டர் கண்டுபிடித்துவிடுவார். அதிலும் "மணக்குது" என்றால் அவர் மார்க்கைத் தள்ளிவிடலாம்.

படுக்கையறை போதும், பத்துக்குப் பன்னிரண்டு அடி மாதிரி. ஜன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி, ஏற்றிவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, அன்று மெழுகு பக்கமே வராத ஒருவரை வெளியிலிருந்து கூட்டி வந்து கதவைத் திறக்கச் சொல்லுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், ஆளுக்கு ஆள் மாறும். எங்கே நிற்கும்போது முதலில் வாசனை தெரிந்தது என்று மட்டும் கேளுங்கள்: கதவிலேயேவா, அறை நடுவிலா, ஜாடி பக்கத்திலா. அடுத்த ஜாடிக்கு முன் ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரமாவது அறையைக் காற்றாட விடுங்கள். ஒரே நாளில் நாலும் முடியாது, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மூடிய அறையில் நாலையும் சேர்த்து ஏற்றிவிட்டால் தேர்வே வீண்.

நெல்லை_செல்வம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சோதிப்பது நல்லதுதான். ஆனால் நம் ஊரில் மின்விசிறி இல்லாமல் யார் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்? என் தங்கை வாங்கிய ஜாடி ஒன்றில் சுடர் ஒரே பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கக் கண்ணாடி கறுத்துவிட்டது. எதிர்ப்பக்கம் மெழுகு உருகவே இல்லை.

அப்புறம், சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் அலமாரிக்குள் வைத்த சோயா வெண்ணெய் மாதிரி ஆகி மேலே எண்ணெய் முத்து முத்தாக நிற்கும். இப்படி இளகி இறுகினால் க்யூரிங் நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பமா?

திரிக்காரி

மின்விசிறிப் பேச்சு நியாயம். நாள் வித்தியாசத்தை ஒப்பிடுகிறபோது நிறுத்த வேண்டும். விற்கப் போகிற ஜாடியை முடிவு செய்தபின், கூடத்தில் மின்விசிறி ஓட ஒரு தடவை தனியாக எரித்துப் பாருங்கள். கண்ணாடி கறுத்தால் "மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம்" என்று லேபிளில் போட்டாக வேண்டும்.

வெயில் கேள்விக்கு: முழுதாக உருகி உறைந்தால் கட்டாயம் முதலிலிருந்துதான். வெறுமனே இளகினால் கணக்கில் எத்தனை நாள் கழிப்பது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சரக்கை நான் கண்காட்சிக்குக் கொண்டு போவதில்லை. ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும், வெளியே எடுத்ததும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சமையலறை இல்லாத, வெயில் படாத உள் அறையின் கீழ் அலமாரி போதும்.

பாண்டி_மெழுகு

ஒரு மெழுகுவர்த்திக்கு இவ்வளவு பரீட்சையா! இருந்தாலும் அந்த எண்ணெய் விடாத ஜாடி யோசனை பிடித்திருக்கிறது. என் மனைவியிடம் செய்து பார்க்கப் போகிறேன்.

தீபா_கோவை

முடிவுகளோடு வந்திருக்கிறேன். திரியில் இரண்டு படி தடிமன் ஏற்றியதும் மூன்று மணி நேரத்தில் 13 கிராம் குறைகிறது, உருகல் சுவரைத் தொட்டுவிடுகிறது. ஜாடியைக் கையில் எடுக்க முடிகிறது. மூக்குக்கு மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரியில் படிக்கும் தம்பி.

லாவெண்டர், 1 நாள் ஜாடி: மூவருக்கும் பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. 8 நாள்: இருவருக்கு அறை நடுவில், தம்பிக்குக் கதவிலேயே. 15 நாள்: மாமியாருக்கும் தம்பிக்கும் கதவில், அக்காவுக்கு நடுவில். 8-க்கும் 15-க்கும் வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எண்ணெய் இல்லாத ஜாடியில் மாமியார் மட்டும் "லேசா பச்சைக் கற்பூரம்" என்றார்!

மல்லிதான் அழ வைக்கிறது. அதே திரி, அதே அளவு. 1, 8, 15 எதிலும் ஜாடி பக்கத்தில்தான். 15 நாள் ஜாடி எரியும்போது சுடர் படபடவென்று பொரிந்தது. மல்லிக்கு இன்னும் நாள் வேண்டுமா?

மாலா_மூலிகைசோப்

மாமியார் மார்க்கைத் தள்ளிவிட வேண்டியதுதான்! ஆனால் அதை வீட்டில் யார் சொல்வது?

அரோமா_அருண்

8-க்கும் 15-க்கும் வித்தியாசம் இல்லை என்று மூன்று பேரை வைத்துச் சொல்ல முடியாது. லாவெண்டர் சீக்கிரம் வெளிவருகிற வாசனை. சந்தனம், வெண்ணிலா மாதிரி கனமானவை மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வாசனைக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

திரிக்காரி

அருண் சொல்வது சரி. மூன்று மூக்கை வைத்து 1 நாளுக்கும் 8 நாளுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைப் பிடிக்கலாம், சின்னதைப் பிடிக்க முடியாது. லாவெண்டருக்கு நான் பத்து நாள் என்று வைத்து விற்பேன். மாமியாரின் 15 நாள் மார்க்கை எடுத்துவிட்டாலும் முடிவு பெரிதாக மாறாது.

மல்லிக்கு நாள் காரணம் இல்லை, எண்ணெய்தான் என்று நினைக்கிறேன். ஊதுபத்திக்கு விற்கும் எண்ணெயில் பெரும்பாலும் குச்சி நன்றாக ஊறுவதற்காக வேறு திரவம் கலந்திருப்பார்கள். நீங்கள் விட்ட 15 கிராமில் எத்தனை கிராம் நிஜ வாசனை என்று தெரியாது. கலந்த திரவம் மெழுகில் கரையாத வகையாக இருந்தால் தனியே பிரிந்து அடியில் உட்காரும். திரி அதை உறிஞ்சும்போதுதான் அந்தப் பொரிகிற சத்தம்.

இன்றே பார்க்கலாம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 10 கிராம் மெழுகை உருக்கி, 80 டிகிரி வாக்கில் 0.8 கிராம் மல்லி எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். சொட்டு நிறுக்கத் தராசு இல்லையென்றால் 50 கிராமுக்கு 4 கிராம். வெளிச்சத்தில் பிடித்தால் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினாலோ, அடியில் முத்து முத்தாக உருண்டாலோ அந்த எண்ணெய் மெழுகுக்கு ஆகாது.

தீபா_கோவை

பார்த்தேன். கலக்கும்போது பால் மாதிரி கலங்கியது, நிறுத்தியதும் அடியில் உருண்டை உருண்டையாக நின்றது. லாவெண்டரில் கண்ணாடி மாதிரி தெளிவு. எரிக்காமல் வைத்திருந்த மல்லி ஜாடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஈரத் திட்டு. கடைக்காரரிடம் கேட்டதற்கு "அது பத்திக்குத்தான்மா" என்கிறார். கண்காட்சிக்கு லாவெண்டர் மட்டும். மூடியை எப்போது போடுவது?

திரிக்காரி

முழுக்க ஆறியதும், மறுநாள் போட்டுவிடுவேன்.

நெல்லை_செல்வம்

நான் இரண்டு நாள் துணி போட்டு மூடிவிட்டு அப்புறம்தான் மூடி போடுவேன். உடனே மூடினால் என் ஜாடிகளில் மூடியின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறது.

திரிக்காரி

நெல்லைச் சூட்டில் அப்படி இருக்கலாம், கோவையில் எனக்கு வந்ததில்லை. தீபா, இரண்டு விதமாகவும் இரண்டு ஜாடி வைத்துப் பாருங்கள், எப்படியும் அடுத்த சனிக்கிழமை ஊற்றத்தானே போகிறீர்கள். கண்காட்சிக்கு முன் ஒரு ஜாடியையாவது நாலு நாலு மணி நேரமாகக் கடைசிவரை எரித்து முடியுங்கள். மேல்பாதியில் நன்றாக எரிகிற திரி, அடிப்பாதிக்கு வந்ததும் ஜாடிக்குள் சூடு தேங்கி அதிகமாகிவிடும், கண்ணாடி கை வைக்க முடியாமல் சுடும். ஒரு செ.மீ. மெழுகு மிச்சமிருக்கும்போது நிறுத்தச் சொல்லி லேபிளில் எழுதுங்கள். நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், உங்கள் முகவரி, தொடர்பு எண் எல்லாம் சட்டப்படி பாக்கெட்டில் இருக்க வேண்டியவை. ஊற்றிய தேதியை அடியில் எழுதி வைப்பது உங்கள் வசதிக்கு.

பாண்டி_மெழுகு

கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஒரு வாரத்தில் நூறு ஜாடி கேட்டு வருவார்களே, அவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் பத்து நாள் காத்திருக்க மாட்டார்கள்.

தீபா_கோவை

அதே கேள்வி எனக்கும் இருக்கிறது அண்ணா. இப்போதைக்கு வாசனை இல்லாமல் வெறும் ஜாடியாகத் தரலாமா என்று யோசிக்கிறேன். இல்லையென்றால் உங்கள் பாரஃபின்.

பாண்டி_மெழுகு

வாங்க வாங்க. பாரஃபினோடு கலப்பு மெழுகும் வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கு எத்தனை நாள் என்று நான் இதுவரை எரித்துப் பார்த்ததில்லை. இரண்டு கிலோ அனுப்புகிறேன், அந்த மூன்று சனிக்கிழமைக் கணக்கை நீங்களே போட்டுச் சொல்லுங்கள்.